12 டிக்கெட்டோடு கணக்கு நின்றுவிட்டது. ஆதார் சரிபார்த்தால் தீருமா?

காந்திரோடு_வரவேற்பு எழுதியது:

வணக்கம். வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிறேன். எங்களிடம் தங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருபவர்கள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று இரண்டு நாள் ரயிலில் வருகிறார்கள். ஊருக்குத் திரும்பும் தேதி டாக்டர் சொல்லும்வரை தெரியாது. தெரிந்தவுடன் ஓடிவந்து, "தாதா, டிக்கெட் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். என் போனில் என் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கிலிருந்து போட்டுக் கொடுப்பேன். டிக்கெட் கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்வேன், ஒரு ரூபாய் கூடுதல் கிடையாது.

இந்த மாதம் 14-ஆம் தேதியே கணக்கு நின்றுவிட்டது. மாத வரம்பு முடிந்தது என்று வருகிறது. மாடியில் மால்டாவிலிருந்து வந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள். கணவருக்கு 19-ஆம் தேதி டிஸ்சார்ஜ். அவர்களுக்கு டிக்கெட் போட முடியவில்லை. ஆதாரைச் சரிபார்த்தால் 24 ஆகும் என்கிறார்கள். செய்தால் உடனே அவர்களுக்குப் போட்டுக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விஐடி_மூன்றாமாண்டு எழுதியது:

அண்ணா, ஆதார் எல்லாம் எதற்கு? இன்னொரு மெயில், இன்னொரு சிம் இருந்தால் இரண்டாவது கணக்கு திறந்துவிடலாம். எங்கள் ஹாஸ்டலில் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு விஷயம். வேறு இனிஷியல், வேறு குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு நம் கணக்கில் டிக்கெட் போட்டால் ஜெயில் என்று வாட்ஸப்பில் வந்தது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுன்ட்டர்_31வருடம் எழுதியது:

முன்பதிவு கவுன்ட்டரில் 31 வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். காட்பாடியில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறேன். தம்பி சொன்ன இரண்டில் ஒன்று தவறு, ஒன்று பாதி சரி. முதலில் கேள்விக்கு வருகிறேன்.

2022 ஜூன் வரை ஆதார் இணைக்காத கணக்குக்கு மாதம் 6 டிக்கெட், இணைத்ததற்கு 12. அந்த மாதம் ரயில்வே அதை முறையே 12, 24 என்று உயர்த்தியது. ஆக உங்கள் கணக்கு நின்றது ஆதார் சரிபார்க்காததால்தான். ஆனால் அந்த 24-க்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கணக்கு வைத்திருப்பவர் ஆதார் சரிபார்த்தால் மட்டும் போதாது. அந்த டிக்கெட்டில் பயணம் செய்பவர்களில் ஒருவராவது ஆதார் சரிபார்க்கப்பட்டவராக இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் `My Master List` என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் பயணியைப் பெயர், பிறந்த தேதி, பாலினம், ஆதார் எண்ணோடு சேர்த்து, அவர் பெயருக்கு நேராக `Verified` என்று வந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் நிலையை வைத்துப் பாருங்கள். நீங்கள் ஆதார் சரிபார்த்துவிட்டீர்கள். 13-ஆவது டிக்கெட்டில் போகிறவர்கள் மால்டா தம்பதி. நீங்கள் அதில் போகவில்லை. அவர்களில் ஒருவர் உங்கள் பட்டியலில் `Verified` ஆக இல்லாவிட்டால் அந்த டிக்கெட் போகாது. நீங்கள் பயணம் செய்கிற, அல்லது உங்கள் வீட்டாரைப் பட்டியலில் ஏற்றிவைத்திருக்கிற டிக்கெட்டுக்குத்தான் உங்கள் ஆதார் உதவும். முன்பின் தெரியாத விருந்தாளிகளுக்கு உதவாது. ரயில்வே வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறது.

ஏன் என்று கேட்டால், ஆதார் இல்லாத கணக்கு திறக்க ஒரு சிம்மும் ஒரு மின்னஞ்சலும் போதும். இரண்டுக்கும் ஓ.டி.பி. வரும், அவ்வளவுதான். நூறு சிம் வைத்திருப்பவன் நூறு கணக்கு திறப்பான். கணக்குக்கு இத்தனைதான் என்று வரம்பு வைத்தால் அவனுக்கு அத்தனை சிம் தேவைப்படும், செலவு ஏறும். ஆதாரைக் கேட்டால் கணக்குக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். ஓர் ஆதாரை ஒரு கணக்கில்தான் இணைக்க முடியும். ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் வரம்பைத் தளர்த்தலாம், தெரியாவிட்டால் இறுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

தம்பிக்கு: இரண்டாவது சிம்மில் இரண்டாவது கணக்கு என்பது இடைத்தரகர்கள் செய்கிற வேலை. சந்தேகத்துக்குரிய கணக்குகள் என்று 2.5 கோடிக்கும் மேல் முடக்கியதாக 2025-இல் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் மாட்டினால் அவசரத்துக்கு உள்ளே போக முடியாது. இனிஷியல் விஷயம் 2024 ஜூனில் பரவிய வதந்தி. நண்பர், உறவினர், குடும்பத்தார் யாருக்கும் போடலாம் என்று ஐ.ஆர்.சி.டி.சி. அப்போதே மறுத்தது. சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்து வியாபாரமாக விற்பதுதான் குற்றம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 143. மூன்று வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்.

குடியாத்தம்_காலைவண்டி எழுதியது:

நான் குடியாத்தத்திலிருந்து தினமும் சென்னை போய் வருபவன். சீசன் டிக்கெட். சில நாள் அரக்கோணம் வரை போனில் சாதாரண டிக்கெட் எடுப்பேன். இதையெல்லாம் சேர்த்தால் மாதம் 12-ஐத் தாண்டிவிடுமே! அப்படியானால் நானும் ஆதார் கொடுக்க வேண்டுமா? தினசரிப் பயணிகள் வயிற்றில் ஏன் அடிக்கிறார்கள்?

கவுன்ட்டர்_31வருடம் எழுதியது:

அண்ணே, பதறாதீர்கள். நீங்கள் சொல்வது முன்பதிவில்லாத டிக்கெட். அதில் பெயரும் இல்லை, படுக்கையும் இல்லை. இந்த 12-க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. பெயர் போட்டு முன்பதிவு செய்கிற டிக்கெட் மட்டும்தான் கணக்கில் ஏறும்.

குடியாத்தம்_காலைவண்டி எழுதியது:

நன்றி ஐயா, இப்போதுதான் மூச்சு வந்தது. என் அப்பா கதை ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருடம் முன்பு ஒரு கணினி மையத்தில் அவருக்குக் கணக்கு திறந்து கொடுத்தார்கள். போன் எண் கேட்டபோது அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டார். மின்னஞ்சலும் கடையுடையதுதான். இப்போது பாஸ்வேர்டு மறந்துபோய் மாற்றப் போனால் ஓ.டி.பி. அந்தக் கடைக்குப் போகிறது. கடையே மூடியாகிவிட்டது. அப்பாவின் கணக்கு அப்பாவிடம் இல்லை.

கவுன்ட்டர்_31வருடம் எழுதியது:

இது நிறைய வீட்டில் நடந்திருக்கிறது. அந்தக் கணக்கில் அப்பாவின் ஆதார் இணைக்கப்படவில்லை என்றால் கவலை இல்லை. அதை விட்டுவிட்டு அவர் சொந்த எண், சொந்த மின்னஞ்சலில் புதிதாகத் திறந்து, அதில் ஆதாரைச் சரிபாருங்கள். அங்கே ஏற்கனவே இணைத்திருந்தால்தான் சிக்கல். அப்போது ஐ.ஆர்.சி.டி.சி. உதவி மையத்துக்கு எழுதி அதை விடுவிக்கக் கேட்க வேண்டும்.

ஆற்காடு_தேவகி எழுதியது:

நான் இந்தச் சரிபார்ப்பில் மூன்று நாள் அல்லாடியவள். யாருக்காவது உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

`www.irctc.co.in` உள்ளே போய் `My Account` என்பதில் `Authenticate User` என்று இருக்கும். ஆதார் எண்ணை அல்லது 16 இலக்க வர்ச்சுவல் ஐ.டி.யைக் கொடுக்க வேண்டும். ஓ.டி.பி. வரும், போட்டு, சம்மதக் கட்டத்தில் டிக் அடித்து அனுப்ப வேண்டும். கேட்கும்போது இரண்டு நிமிட வேலைதான்.

எனக்கு முதல் நாள் ஓ.டி.பி.யே வரவில்லை. ஐ.ஆர்.சி.டி.சி.யில் பதிந்த எண்ணுக்கு வரும் என்று நினைத்துப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் போகும். ஆதார் எடுத்தபோது கொடுத்தது என் கணவரின் பழைய எண். நல்லவேளை, அந்தச் சிம் மாமியாரின் பட்டன் போனில் உயிரோடு இருந்தது.

இரண்டாவது நாள் ஓ.டி.பி. வந்தது, ஆனால் விவரம் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டது. காரணம் இனிஷியல். ஐ.ஆர்.சி.டி.சி.யில் என் பெயரை இப்படிப் போட்டிருந்தேன்: `S DEVAKI`. ஆதாரில் இருந்தது: `Devaki Sundaram`. நமக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுப் பெயரையும் பின்னால் போட்டுவிட்டார்கள். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். முதலில் சுயவிவரப் பக்கத்துக்குப் போய், ஆதார் அட்டையில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து மாற்றினேன். மூன்றாவது நாள் ஒரே தடவையில் முடிந்தது. பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

விஐடி_மூன்றாமாண்டு எழுதியது:

அக்கா, எனக்கும் இதே கதைதான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால். ஆதாரையே சான்றிதழ்படி மாற்றிவிடலாமா?

ஆற்காடு_தேவகி எழுதியது:

ரயில் டிக்கெட்டுக்காக ஆதாரைத் தொடாதே தம்பி. ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு தடவைதான். ஐ.ஆர்.சி.டி.சி. பக்கத்தில் மாற்றுவது சுலபம். பாஸ்போர்ட், வேலை என்று பெரிய காரணம் வரும்போது ஆதாரை யோசித்து மாற்று.

காந்திரோடு_வரவேற்பு எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் ஆதாரைச் சரிபார்த்தாலும் அந்தத் தம்பதிக்குப் பிரயோஜனம் இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது. ஒரு வழி தோன்றுகிறது. அவர்களுடைய ஆதாரை என் மாஸ்டர் லிஸ்டில் ஏற்றினால்?

கவுன்ட்டர்_31வருடம் எழுதியது:

ஏற்றலாம். ஆனால் மாதாமாதம் பத்து குடும்பத்தின் ஆதார் எண் உங்கள் கணக்கில் சேர்ந்துகொண்டே போவது உங்களுக்கும் நல்லதில்லை, அவர்களுக்கும் நல்லதில்லை. அவர்களுக்கே ஒரு கணக்கு திறந்து கொடுங்கள். கற்றுக்கொடுக்க அரை மணி ஆகும், ஆனால் அடுத்த தடவை செக்கப்புக்கு வரும்போது ஊரிலிருந்தே போட்டுக்கொள்வார்கள். தட்கலுக்கு இன்னும் முக்கியம். 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்க்காத கணக்கில் ஆன்லைன் தட்கலே போட முடியாது. 12 கூட இல்லை, பூஜ்யம். திடீரென்று டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்குத் தட்கல்தானே கதி? அதே வருடம் அக்டோபர் முதல், சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடமும் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும்தான் என்று வந்தது. பிறகு அந்த நேரத்தை இன்னும் நீட்டினார்கள்.

இன்னொன்று. உங்கள் 12 டிக்கெட் எப்படிப் போனது என்று கணக்கில் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

காந்திரோடு_வரவேற்பு எழுதியது:

பார்த்தேன் ஐயா. நான் சென்னை போய் வந்தது 2. அக்கா குடும்பம் கோயம்புத்தூர் போய் வந்தது 2. மீதி 8 டிக்கெட்டும் விருந்தாளிகளுக்கு. அதில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அம்மாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக மூன்று போட்டிருக்கிறேன். மூவரும் ஒரே வண்டி, ஒரே வகுப்பு.

கவுன்ட்டர்_31வருடம் எழுதியது:

அங்கேதான் இரண்டை வீணாக்கினீர்கள். தலையை எண்ணுவதில்லை, டிக்கெட்டைத்தான் எண்ணுகிறார்கள். ஒரு பி.என்.ஆர். என்றால் ஒன்று. சாதாரண முன்பதிவில் ஒரு டிக்கெட்டில் 6 பேர் வரை போகலாம், தட்கலில் 4 பேர். மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டிருந்தால் 12 இல்லை, 10 தான் ஆகியிருக்கும், மால்டா தம்பதிக்கு இடம் இருந்திருக்கும். போவதும் வருவதும் மட்டும் எப்போதும் இரண்டு.

இன்னும் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் தங்குகிறவர்களில் புற்றுநோய்க்கு வருகிறவர்கள் உண்டா? உண்டு என்றால் அவர்களுக்கு ஆன்லைனில் போடவே போடாதீர்கள். மருத்துவமனையில் அதற்கான சலுகைப் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கவுன்ட்டருக்குப் போகச் சொல்லுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் விலக்கு, உடன் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு விலக்கு. இந்தச் சலுகை உங்கள் போனில் கிடைக்காது. கவுன்ட்டரில் இருந்தபோது, முழுக் கட்டணத்தில் ஆன்லைன் டிக்கெட் எடுத்துவிட்டுப் படிவத்தோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுத்த டிக்கெட்டில் சலுகையைச் சேர்க்க எங்களால் முடியாது. அவர்கள் முகம் இன்னும் மறக்கவில்லை.

காந்திரோடு_வரவேற்பு எழுதியது:

ஆறு வருடமாக இந்த ரிசப்ஷனில் இருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. எத்தனை பேருக்கு முழுப் பணம் வாங்கிப் போட்டிருக்கிறேனோ. இன்றே பலகையில் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டுகிறேன்.

ராணிப்பேட்டை_மெக்கானிக் எழுதியது:

எல்லாம் சரி. ஒரு போன் மட்டும் இருக்கிற குடும்பம் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே எண்தான் ஆதாரில். அதே எண்ணில் இரண்டாவது ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு திறக்க முடியவில்லை. தினக்கூலிக்காரன் எத்தனை சிம்முக்கு ரீசார்ஜ் செய்வான்? தரகனைப் பிடிக்கிறேன் என்று நம்மைத்தான் இறுக்குகிறார்கள்.

கவுன்ட்டர்_31வருடம் எழுதியது:

ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு போதும். உங்கள் பெயரில் சரிபார்த்து, வீட்டார் ஐவரையும் மாஸ்டர் லிஸ்டில் ஏற்றிவிடுங்கள். மாதம் 24 டிக்கெட், ஒவ்வொன்றிலும் 6 பேர் வரை. உங்களுக்குத் தாராளம்.

ராணிப்பேட்டை_மெக்கானிக் எழுதியது:

எனக்குத் தாராளம் ஐயா. நான் வேலைக்குப் போய்விட்டால் என் அம்மா தனியாக ஒரு டிக்கெட் போட முடியாது, போன் என்னிடம் இருக்கும். அவர் பெயரில் ஒன்றும் இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

ஆற்காடு_தேவகி எழுதியது:

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் மாமியாரின் பட்டன் போனில் அந்தச் சிம் இல்லாமல் போயிருந்தால் நானும் ஆதார் மையத்தில் வரிசையில் நின்றிருப்பேன். எண் மாற்ற 75 ரூபாய்தான், ஆனால் ஒரு நாள் கூலி போகும். போகும் முன் `myaadhaar.uidai.gov.in` பக்கத்தில் `Check Aadhaar Validity` என்பதில் பாருங்கள். இணைந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கம் காட்டும். எந்த எண் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

காந்திரோடு_வரவேற்பு எழுதியது:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை அந்தத் தம்பதியோடு உட்கார்ந்தேன். கணவரின் போன் எண், அவர் போனிலேயே இருந்த ஜிமெயில் இரண்டையும் வைத்துப் புதுக் கணக்கு திறந்தோம். இரண்டு ஓ.டி.பி.யும் அவர் கையிலேயே வந்தது. ஆதாருக்குப் போனபோது தேவகி மேடம் சொன்ன பக்கத்தில் பார்த்தோம். கடைசி மூன்று இலக்கம் அவர் எண் இல்லை. மனைவிதான் அடையாளம் கண்டார். மால்டாவில் இருக்கிற மூத்த மகனின் எண்.

மகனைப் போனில் பிடித்து, லைனிலேயே வைத்துக்கொண்டு அனுப்பினோம். அவன் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தான், அப்பா ஒவ்வொன்றாக அழுத்தினார். பொருந்தவில்லை என்று வந்தது. அட்டையை வாங்கிப் பார்த்தால் பெயரின் முதல் பகுதி அட்டையில் `Md` என்று இருக்கிறது. நான் முழுதாக `Mohammad` என்று தட்டியிருந்தேன். நமக்கு இனிஷியல் போல அவர்களுக்கு இது. சுயவிவரத்தில் மாற்றிவிட்டு மறுபடி மகனைக் கூப்பிட்டோம். இந்தத் தடவை முடிந்தது.

அவர் கணக்கிலேயே ஹவுரா வரை ஸ்லீப்பரில் இருவருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். காத்திருப்புப் பட்டியலில் 9, 10. உறுதியாகாவிட்டால் காலை 11 மணிக்குத் தட்கல் முயற்சி செய்வோம், இப்போது அதற்குத் தகுதி இருக்கிறது. அந்த அம்மா பயனர் பெயரை ஆஸ்பத்திரி ஃபைலின் உள்பக்கம் வங்காள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

என் கேள்வி ஒன்று பாக்கி. கூடுதல் பணம் வாங்காமல் விருந்தாளிகளுக்கு என் கணக்கில் போடுவது நண்பருக்குப் போடுவதாகுமா? நான் அறை வாடகை வாங்குகிற லாட்ஜில் சம்பளத்துக்கு இருப்பவன்.

கவுன்ட்டர்_31வருடம் எழுதியது:

கூடுதல் பணம் வாங்காதவரை நீங்கள் விற்கவில்லை, என் கண்ணில் அது குற்றமில்லை. ஆனால் சோதனைக்கு வருகிறவர் கண்ணில் லாட்ஜ், வெளியூர்க்காரர்கள், மாதம் எட்டு டிக்கெட் என்றுதான் தெரியும். நீங்கள் அறைக்குத்தான் பணம் வாங்கினீர்கள் என்று அவரிடம் எப்படி நிரூபிப்பீர்கள்? நான் உங்கள் இடத்தில் இருந்தால், நேற்று செய்ததையே எல்லோருக்கும் செய்வேன்.

ராணிப்பேட்டை_மெக்கானிக் எழுதியது:

ஐயா, எல்லோருக்கும் மால்டாவில் போனை எடுக்கிற மகன் இருக்க வேண்டுமே. இல்லாதவர்கள் வந்தால் அவர் என்ன செய்வார்?

காந்திரோடு_வரவேற்பு எழுதியது:

இன்று காலையே அப்படி ஒருவர் வந்துவிட்டார் அண்ணே. அசாம்காரர், ஆதாரில் எந்த எண்ணும் இணைக்கவில்லை. முன்பதிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துக் காட்பாடி கவுன்ட்டருக்கு ஆட்டோ ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.